வழக்கு நடக்கும் வீட்டில் சொல்லத் தகுந்தவை

(ஒரு வாசகர் வட்டத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், குடும்ப நல நீதிமன்றத்தில் ஆலோசகராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மணவிலக்கு வழக்கு நடக்கும் ஒருவரிடம் என்ன சொல்வது என்று பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். சட்டம் பற்றிப் பேச வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். சொல் பற்றி மட்டும் பேசுகிறேன். ஆனால் அந்தச் சொல் எந்த இடத்தில் போய் விழுகிறது என்று தெரிய வேண்டுமானால் வழக்கு எப்படி நடக்கிறது என்பதும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே சட்டம் இடையிடையே வரும். மதத்துக்கு மதம் சட்டம் வேறுபடும். நான் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டப்படி நடக்கும் வழக்கை எடுத்துக்கொள்கிறேன்.

ஆலோசனை அறையில் நான் கேட்டதை வெளியே சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அதனால் பல குடும்பங்களில் பொதுவாகப் பார்த்ததை ஒன்றுசேர்த்து ஒரு குடும்பத்தைக் கட்டி வைத்துக்கொள்கிறேன். மதுரைப் பக்கம். மனைவி பள்ளி ஆசிரியை. கணவர் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு பார்க்கிறார். ஏழு வயதில் ஒரு பையன். பையனும் தாயும் இப்போது தாத்தா வீட்டில் இருக்கிறார்கள். யார்மீது தப்பு என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்களும் கேட்கக்கூடாது. இந்த உரையின் பாதிச் சாரம் அதுதான்.

முதலில், நாம் வழக்கமாகச் சொல்வதைப் பார்ப்போம். அந்த ஆசிரியை வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை, தினமும் பள்ளிக்குப் போகிறார். செய்தி பரவிய வாரத்தில் அவர் காதில் விழுந்தவை இவை: "கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிரும்மா." "குழந்தை முகத்தைப் பார்த்தாவது பொறுத்துக்கக் கூடாதா?" "எனக்கு அப்பவே தெரியும், அவன் சரியில்லைன்னு." "இரண்டு கை தட்டினாத்தானே ஓசை." "எல்லாம் நன்மைக்கேன்னு நினைச்சுக்கோ." "காலம் எல்லாத்தையும் ஆத்திடும்."

சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் பாசமாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு வரியையும் பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டும் தீர்ப்புகள். நீ பொறுக்கவில்லை என்கின்றன. மூன்றாவதும் தீர்ப்புதான், ஆசிரியை பக்கம் சாய்ந்த தீர்ப்பு. இரண்டு கை ஓசை நடுநிலை போலத் தோன்றும். அதுவும் தீர்ப்பே. என்ன நடந்தது என்று தெரியாமலே ஆளுக்குப் பாதிக் குற்றம் என்று பங்கு போட்டுக் கொடுத்துவிடுகிறது. கடைசி இரண்டும் ஜோசியம். நன்மை வரும் என்பதும் ஆறும் என்பதும் சொல்கிறவருக்கு எப்படித் தெரியும்?

தீர்ப்பும் ஜோசியமும் கழித்துவிட்டால் சொல்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? நிறைய இருக்கிறது. வழக்கு நகரும் வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போவோம்.

செய்தி கேட்ட அன்று

நம் வாயிலிருந்து முதலில் வருவது "ஐயோ, ஏன்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். தாய்க்குச் சொல்லி, தகப்பனுக்குச் சொல்லி, அண்ணனுக்குச் சொல்லி, வழக்கறிஞருக்குச் சொல்லி முடித்திருப்பார். இனி என்னைப் போன்ற ஆலோசகரிடம் சொல்ல வேண்டும்; சமரச மையத்தில் சொல்ல வேண்டும்; வழக்கு விசாரணைக்குப் போனால் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். நம்மிடமும் ஒருமுறை சொல்லச் சொல்வது அவருக்கு இன்னொரு விசாரணை.

அந்த ஆசிரியையோடு வேலை பார்க்கும் மூத்த ஆசிரியை ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். அவர் சொல்லத்தக்கது இது:

"என்கிட்ட சொன்னியே, அது போதும். ஏன்னு நான் கேட்க மாட்டேன். நீயா சொன்னா கேட்டுக்கிறேன். ஸ்டாஃப் ரூம்ல யாராவது என்கிட்ட கேட்டா, எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடறேன்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ஊர்வாய்க்கு ஒரு கதவை அவர் அடைத்துத் தருகிறார். ஆறுதல் என்று அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு அன்று இரவு நினைத்துப்பார்க்க ஒரு கவலை குறைந்திருக்கும்.

கணவருக்கும் நண்பர்கள் உண்டு. ஆண்களுக்கு நம் ஊரில் கிடைக்கும் ஆறுதல் இன்னும் மோசமானது. "விடு மாப்ள, தொல்லை விட்டுச்சு" என்று தோளில் தட்டி, கடைக்குக் கூட்டிப்போய் ஊற்றிக் கொடுப்பார்கள். ஏழு வயதுப் பையன் வேறு வீட்டில் தூங்குகிறான் என்பது அவருக்கு உறுத்துகிறது. அதைச் சொல்ல இடமே இல்லாமல் போகிறது. அவரிடம் சொல்லத்தக்கது:

"கடை சாத்தினதும் வா, நடந்துட்டு வரலாம். பேசணும்னா பேசு. இல்லாட்டி சும்மா நடப்போம்."

"மறுபடி சேர்ந்து வாழக்கூடாதா" என்று கேட்பது பெரியவர்களின் கடமை இல்லையா என்று சிலர் கேட்பீர்கள். அந்தக் கேள்வியைச் சட்டமே கேட்டுவிடுகிறது. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 9ஆம் பிரிவு, சமரசத்துக்கு முயற்சி செய்வதை நீதிமன்றத்தின் பொறுப்பாகவே வைத்திருக்கிறது. எங்களைப் போன்ற ஆலோசகர்கள் இருப்பதும் அதற்காகத்தான். அவர்கள் இருவரையும் பெற்றவர்கள் ஒருமுறை, மனதார, கேட்கலாம். அத்தையும் சித்தப்பாவும் பக்கத்து வீட்டாரும் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. கேட்டால் அது வேண்டுகோளாக இருக்காது, நெருக்கடியாகத்தான் இருக்கும்.

இங்கே ஒரு எல்லையைச் சொல்லிவிட வேண்டும். பக்கம் சாயாமல் இருப்பது என்பது எல்லாக் கேள்வியையும் விழுங்கிவிடுவது ஆகாது. கேட்டே ஆகவேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. ஒன்று, "அந்த வீட்டில் உனக்குப் பயமா இருக்கா? கை ஓங்குறாங்களா?" ஆம் என்று பதில் வந்தால் பழமொழிக்கும் நடுநிலைக்கும் அங்கே வேலை இல்லை. 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அங்கே கொண்டு போக வேண்டும். இரண்டாவது, ஆணோ பெண்ணோ, பேச்சில் விரக்தி தட்டுப்பட்டால் சுற்றிவளைக்காமல் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஏற்கெனவே இருந்தால் வெளியே வரும். தோன்றுகிறது என்று சொன்னால் ஆளைத் தனியே விடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

மனுவைப் படித்த அன்று

நம் குடும்பத்துக்கு வருவோம். கணவர் வழக்குப் போட்டுவிட்டார். மனுவின் நகலும் அழைப்பாணையும் ஆசிரியையின் அப்பா வீட்டுக்கு வந்து சேர்கின்றன. மணவிலக்கு வழக்கில் ஒரு மனிதரை மிகவும் உடைக்கும் நாள் தீர்ப்பு நாள் என்று நினைப்போம். நான் பார்த்தவரையில் மனுவைப் படிக்கும் நாள்தான் அது.

காரணம் இருக்கிறது. "எங்களுக்கு ஒத்துவரவில்லை" என்று எழுதி ஒருவர் தனியாக மணவிலக்குக் கேட்க இந்துத் திருமணச் சட்டத்தில் வழி கிடையாது. மண உறவு மீளமுடியாதபடி முறிந்துவிட்டது என்பதை வைத்து மணவிலக்குக் கொடுக்க உச்ச நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம் உண்டு. அரசியல் சாசனத்தின் 142ஆம் பிரிவின்படி அதை 2023இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. மதுரையில் மனுப் போடுகிறவர் 13ஆம் பிரிவில் உள்ள காரணங்களில் ஒன்றைக் காட்டியே ஆகவேண்டும். பெரும்பாலும் கொடுமை, அல்லது இரண்டாண்டுக்குக் குறையாமல் கைவிட்டுப் போனது. ஆகவே வழக்கறிஞர் கட்சிக்காரர் சொல்வதையெல்லாம் கேட்டு, கொடுமை என்ற தலைப்புக்குக் கீழே பத்தி பத்தியாக எழுதுகிறார்.

எப்படி எழுதுவார்கள் என்று காட்டுகிறேன். ஒருநாள் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல். சமைக்கவில்லை. மாமியார் பக்கத்துக் கடையில் இட்லி வாங்கிச் சாப்பிட்டார். மனுவில் அது இப்படி ஆகும்: "எதிர்மனுதாரர், மனுதாரரின் வயது முதிர்ந்த தாயாருக்கு உணவளிக்க மறுத்து மனுதாரரை மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாக்கினார்." இதற்கு அந்தப் பெண் எதிருரை போடுவார். தீபாவளிச் சமயத்தில் கடையில் சரக்கு இருப்பு பார்த்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பிய கணவர், அந்த எதிருரையில் "குடும்பத்தை முற்றிலும் புறக்கணித்து இரவு நேரங்களை வெளியில் கழித்தவர்" ஆகிவிடுவார். இரண்டு பேரும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பார்கள். பத்து வருஷம் கூட இருந்த ஆள் தன்னைப் பற்றி இப்படியா நினைத்துக்கொண்டிருந்தார் என்று இருவருக்குமே தூக்கம் போகும்.

அந்த இரவு பேசுகிறவர் மிகக் கவனமாகப் பேச வேண்டும். "அத்தனையும் பொய், கேஸ் போட்டு நாறடிச்சிடுவோம்" என்பது உறவினர் பேச்சு. "நெருப்பில்லாம புகையுமா" என்பது ஊர்ப் பேச்சு. சொல்லத்தக்கது இது:

"இது கோர்ட்டுக்காக எழுதின எழுத்து. அப்படித்தான் எழுதுவாங்களாம். உன்னை எனக்கு இந்த மனு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே தெரியும். இன்னிக்கு மறுபடி எடுத்துப் படிக்காதே. காலையில வக்கீலம்மாவைப் பார்க்கப் போறப்போ நானும் வர்றேன்."

இதில் மனு பொய் என்றும் சொல்லவில்லை, மெய் என்றும் சொல்லவில்லை. அந்த எழுத்து எந்தத் தேவைக்காக உருவானது என்பதை மட்டும் சொல்கிறது. கணவரின் தங்கையும் இதே வரிகளை எதிருரை வந்த அன்று அண்ணனிடம் சொல்லலாம். இரண்டு வீட்டிலும் சொல்லக்கூடிய சொல்தான் பக்கம் சாயாத சொல்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஆறுதல் என்று நினைத்து நாம் இரவில் தட்டிவிடும் வாட்ஸப் செய்திகள் அங்கேயே இருந்துவிடுவதில்லை. குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, தகராறைத் தீர்க்க உதவும் என்று நீதிமன்றம் கருதினால், சாட்சியச் சட்டத்தின் வழக்கமான கட்டுப்பாடுகளைத் தாண்டியும் ஆவணங்களை எடுத்துக்கொள்ளலாம். "அவனை விடாதே, நகையோட சேர்த்து எல்லாத்தையும் கறந்துடு" என்று அக்காள் அனுப்பிய ஒரு வரி, அவளுடைய தங்கையின் வழக்கில் எதிர்த்தரப்பின் காகிதக் கட்டில் வந்து உட்காரக்கூடும். அதனால் நான் ஒரு சோதனை சொல்வேன். நீங்கள் எழுதியதை அந்தப் பக்கத்து ஆள் படித்தாலும் நீங்கள் கூசாமல் நிற்க முடியுமா? முடியும் என்றால் அனுப்புங்கள். இது வழக்குக்காகச் சொல்வது மட்டும் இல்லை. நாளைக்கே இருவரும் சமாதானமாகி ஒன்றாக உங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தாலும் அந்த வரி உங்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. வாபஸ் வாங்கிய வழக்குகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

வாய்தா மாதங்கள்

அடுத்து வருவது நீண்ட காலம். வாய்தா, வாய்தா, வாய்தா. எதிர்த்தரப்பு வரவில்லை, வழக்கறிஞர் வேறு நீதிமன்றத்தில் இருக்கிறார், நீதிபதி விடுப்பு. விடுப்புச் சொல்லிவிட்டுப் போய், பெயர் கூப்பிடும்வரை வராந்தாவில் நின்று, தேதி வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். எதிரே பத்தடி தூரத்தில் கணவர் நிற்பார். பார்க்காத மாதிரி இருக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் "தைரியமா இரு" என்று சொல்லாதீர்கள். அது அவருக்கு இன்னொரு வேலை. உங்கள் முன்னால் தைரியமாக இருப்பதுபோல் காட்ட வேண்டும். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பதும் அப்படித்தான். என்ன வேண்டும் என்று யோசித்து, கேட்கக் கூச்சப்பட்டு, கேட்காமலே விட்டுவிடுவார்கள். செய்யப்போவதைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்:

"வியாழக்கிழமை வாய்தான்னியே. அன்னிக்கு ஸ்கூல் விட்டதும் தம்பியை நான் கூட்டிட்டு வந்து சாப்பாடு குடுத்துடறேன். நீ எந்நேரம் வந்தாலும் சரி. இதுக்குப் பதில் போட வேண்டாம்."

பதில் போட வேண்டாம் என்ற வரி சின்னதுதான். ஆனால் வாய்தா முடிந்து வரும் ஒருவரின் போனில் "என்னாச்சு?" என்று பதினைந்து பேர் கேட்டு வைத்திருப்பார்கள். அதில் ஒன்றாவது பதில் கேட்காத செய்தியாக இருக்கட்டும்.

"எப்ப முடியும்?" என்று அவரே நம்மிடம் கேட்டால்? சீக்கிரம் முடிந்துவிடும் என்று சொல்லாதீர்கள். நமக்குத் தெரியாது. "எப்ப முடியும்னு எனக்குத் தெரியலைம்மா. முடியிற வரைக்கும் ஞாயித்துக்கிழமை சாப்பாடு நம்ம வீட்லதான்" என்று சொல்லலாம். நம் கையில் இருப்பதை மட்டும் வாக்காகக் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நம் கையில் இருக்கிறது.

மாமியாரும் பையனும்

எல்லாவற்றையும்விடச் சிக்கலான இடத்தில் நிற்பவர் மாமியார். மருமகளோடு வருஷக்கணக்காக ஒரே அடுப்பில் சமைத்தவர். மகன் வழக்குப் போட்டவன். பேரன் மருமகளோடு இருக்கிறான். போன் பண்ணினால் மகனுக்குத் துரோகம் மாதிரி இருக்கிறது. பண்ணாவிட்டால் பேரன் குரல் கேட்காது. இப்படி ஒரு அம்மா என்ன பேசலாம்?

"நான்தான்மா பேசுறேன். அவன் என் மகன், அவனைப் பத்தி உன்கிட்ட ஒண்ணும் பேச மாட்டேன். உன்னைப் பத்தி அவன்கிட்டயும் பேச மாட்டேன். பொங்கலுக்குப் பேரனுக்குச் சட்டை எடுக்கணும். போன வருஷ அளவு இப்பப் பத்தாதுல்ல? அளவு மட்டும் சொல்லு."

மகனை விட்டுக்கொடுக்கவும் இல்லை, மருமகளைத் தூற்றவும் இல்லை. பேச்சு சட்டை அளவோடு நின்றுவிடுகிறது. மருமகளும் "முப்பது சைஸ் எடுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். அத்தை என்ற சொல்லை அவர் விட்டுவிடவில்லை என்பது அந்தக் கிழவிக்குப் போதும். வழக்கு முடிந்த பிறகும் பேரனைப் பார்க்க அந்த வாசல் திறந்திருக்கும்.

பையனுக்கு என்ன சொல்வது? பெற்றோர் இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்ல ஒத்துக்கொண்டால் மிகவும் நல்லது. "அப்பாவும் அம்மாவும் இனிமே தனித்தனி வீட்ல இருக்கப் போறோம். இது பெரியவங்க விஷயம். நீ எதுவும் செஞ்சதால இல்ல. நான் உனக்கு அம்மாதான், அவர் உனக்கு அப்பாதான், அது மாறாது. சனிக்கிழமை அப்பாகிட்ட போவே." ஏழு வயதுப் பிள்ளைகள் பலர், தான் பரீட்சையில் மார்க் குறைந்ததால்தான் அப்பா போய்விட்டார் என்கிற மாதிரி ஒரு கணக்கை உள்ளுக்குள் போட்டு வைத்திருப்பார்கள். "உன்னால் இல்லை" என்பதை ஒருமுறை சொன்னால் போதாது. வேறு வேறு நாளில், வேறு வேறு வேலைக்கு நடுவில், திரும்பச் சொல்ல வேண்டும். நாள் கிழமை சொல்வதும் முக்கியம். "அப்பா அடிக்கடி வருவார்" என்பது பிள்ளைக்குப் பிடிபடாது. சனிக்கிழமை என்றால் பிடிபடும்.

உறவினர் ஒரு கேள்வியை மட்டும் பிள்ளையிடம் கேட்கவே கூடாது: "உனக்கு யார்கூட இருக்கப் பிடிக்கும்?" 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்படி, விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம். நீதிபதி தனியறையில் கூப்பிட்டு, மிட்டாய் கொடுத்து, பள்ளிக்கூடம் பற்றிப் பேசி, பக்குவமாக அதைத் தெரிந்துகொள்வார். கல்யாண மண்டபத்தில் பத்துப் பேர் நடுவில் சித்தி கேட்கத் தேவையில்லை. பிள்ளையைப் பார்த்தால் அவன் வரைந்த படத்தைப் பற்றிக் கேளுங்கள், போதும்.

தீர்ப்பு நாள்

நம் குடும்பத்து வழக்கில், சமரசப் பேச்சில் சேர்ந்து வாழ வழி பிறக்கவில்லை. ஆனால் சண்டை போடாமல் பிரியலாம் என்ற முடிவு வந்தது. கொடுமை என்று போட்ட மனுவை விட்டுவிட்டு, 13பி பிரிவின்கீழ் பரஸ்பர சம்மத மனுப் போட்டார்கள். இந்தப் பிரிவு 1976இல் சட்டத்தில் சேர்ந்தது. ஓராண்டாவது பிரிந்து இருந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருந்து, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். பிரிந்து நெடுநாளாகி, சமரசமும் முயன்று பார்த்து, பிள்ளைப் பொறுப்பும் ஜீவனாம்சமும் பேசி முடித்த வழக்குகளில் அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தளர்த்தாவிட்டால் ஆறு மாதம் காத்திருக்கத்தான் வேண்டும். அதற்குள் ஒருவர் மனம் மாறிச் சம்மதத்தைத் திரும்பப் பெறவும் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த ஆறு மாதமும் யாரும் தூண்டிவிடவோ இழுத்துப் பிடிக்கவோ வேண்டாம். யோசிப்பதற்கென்றே சட்டம் கொடுத்த காலம் அது. யோசிக்க விடுங்கள்.

கடைசி நாள் எப்படி இருக்கும்? இருவரும் போய் நிற்பார்கள். உங்கள் விருப்பத்தின்பேரில்தான் சம்மதிக்கிறீர்களா, யாராவது வற்புறுத்தினார்களா என்று நீதிபதி கேட்பார். இல்லை என்பார்கள். கையெழுத்துப் போடுவார்கள். சில நிமிஷங்களில் முடிந்துவிடும். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு முழுக்கத் தூங்காமல் நடத்திய கல்யாணம் இவ்வளவு நேரத்திலா முடியும் என்ற திகைப்போடு வெளியே வருவார்கள். சிலர் அழுவார்கள். சிலருக்குப் பசிக்கும். சிலர் வீடு போய் நெடுநேரம் தூங்குவார்கள். நிம்மதியும் துக்கமும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் இருக்கும்.

அதனால்தான் அன்றைக்கு வாழ்த்தும் பொருந்தாது, இரங்கலும் பொருந்தாது. "விடுதலை!" என்று கேக் வெட்டுவது ஒரு கோடி. "ஐயோ பாவம்" என்று கன்னத்தில் கைவைப்பது இன்னொரு கோடி. இரண்டுமே அவர் என்ன உணர வேண்டும் என்பதை நாம் முடிவு செய்வதுதான். சொல்லத்தக்கது:

"முடிஞ்சதுன்னு கேள்விப்பட்டேன். இன்னிக்கு எப்படி இருக்கோ, அப்படியே இரு. சாயங்காலம் நான் வரட்டுமா, இல்ல தனியா இருக்கணுமா? எதுன்னாலும் சரி."

கணவரிடமும் அதே வரிதான். மாற்ற வேண்டியது எதுவும் இல்லை.

மறு வாரம் காகித வேலை தொடங்கும். தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட வேண்டும். குடும்ப அட்டையில் பெயர் நீக்கிச் சேர்க்க வேண்டும். வங்கிக் கணக்கிலும் காப்பீட்டிலும் வாரிசு நியமனம் மாற்ற வேண்டும். ஒவ்வொரு கவுன்டரிலும் தீர்ப்பை நீட்டிக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். "தாலுகா ஆபீசுக்கு நான் கூட வர்றேன், கியூவில நான் நிக்கிறேன்" என்று அந்த வாரத்தில் சொல்வதைப்போல் உதவுவது வேறில்லை. "அடுத்து எப்போ?" என்று மறுமணம் பற்றிக் கேட்பதை அவராகப் பேச்சை எடுக்கும்வரை தள்ளி வையுங்கள்.

பத்திரிகை அடிக்கும்போது

கடைசியாக ஒன்று. வழக்கு முடிந்து ஒரு வருஷம் போகிறது. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கப் போகிறீர்கள். பத்திரிகையில் உறவினர் பட்டியல் அச்சடிக்க வேண்டும். அந்த ஆசிரியையின் பெயரை எப்படிப் போடுவது என்று வீட்டில் கிசுகிசுத்துப் பேசி, கடைசியில் பெயரையே விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். நேராகக் கேளுங்கள்: "பத்திரிகையில உன் பேரை எப்படிப் போடட்டும்? நீ சொல்றபடி போடறேன்." அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மண்டப வாசலில் சந்தனம், குங்குமம், பூ வைத்த தட்டோடு நிற்கும் பெண்களுக்கு முன்னாலேயே சொல்லி வைத்துவிடுங்கள்: வருகிற எல்லாருக்கும் நீட்ட வேண்டும். அவர் வரும்போது ஒரு கணம் தயங்கித் தட்டைப் பின்னுக்கு இழுக்கும் கை, எந்தப் பழமொழியையும்விட உரக்கப் பேசிவிடும். எடுத்துக்கொள்வதும் கொள்ளாததும் அவர் விருப்பம். நீட்டுவது நம் வேலை. "தனியாவா வந்தே?" என்று கேட்காமல் "வாம்மா, முன்னாடி இடம் இருக்கு, வந்து உட்காரு" என்று சொன்னால் வரவேற்பு முழுமையாகிவிட்டது.

இதுவரை நான் கொடுத்த வரிகளை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. உங்கள் ஊர் வழக்கில், உங்கள் வாய்க்கு வருகிறபடி மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது மூன்றை மட்டும் காப்பாற்றுங்கள். எதிர்த்தரப்பு படித்தாலும் கூசாததாக இருக்க வேண்டும். நமக்குத் தெரியாத நாளையைப் பற்றிச் சத்தியம் செய்யக் கூடாது. பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது.

இந்த அவையில் இருக்கும் பலருக்கும் வழக்கு நடக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். என்ன சொல்வது என்று தெரியாததால் சில மாதமாகப் பேசாமலேகூட இருந்திருப்பீர்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். அதில் "ஏன்" என்ற கேள்வி இருந்தால் அதை அடித்துவிடுங்கள். நீங்கள் உண்மையிலேயே செய்யப்போகும் ஒரு வேலையும் அதைச் செய்யப்போகும் கிழமையும் இருக்கட்டும். எழுதியபடி அந்தக் கிழமை போய் நில்லுங்கள்.